அந்த 78 எங்கிருந்து வந்தது? பழைய வினாக்களைக் கொண்டு கணித மாதிரித் தாள் தயாரிக்கும் புதிய ஆசிரியருக்கு

முதல் நியமனம் எடுத்து வந்த கையோடு தரம் 11 கணிதத்தை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அதிபர் கூப்பிட்டு, "சேர், பிள்ளைகளுக்கு ஒரு மொடல் பேப்பர் வைங்க, பழைய பேப்பருகளில இருந்து எடுத்தாப் போதும்" என்பார். கேட்கும்போது சின்ன வேலைதான். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் எனக்கும் இப்படித்தான் சொல்லப்பட்டது. வினா சேர்ப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. திரும்பி வந்த விடைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் மாட்டுப்பட்டேன். நான் போன வழியை, அங்கங்கே இருக்கும் குழிகளோடு சேர்த்து எழுதிவைக்கிறேன். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. மேசைக்கு வரவேண்டிய தாள்கள்

கடந்தகால வினாத்தாள் மட்டும் போதாது. அதன் புள்ளியிடும் திட்டமும் வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் doenets.lk தளத்தில் பழைய தாள்களைப் பார்க்கலாம். அங்கே கிடைக்காத ஆண்டுகளுக்கு வலயத்துக் கணித ஆசிரிய ஆலோசகரிடம் கேளுங்கள். அவரிடம் ஒரு கோப்பு கட்டாயம் இருக்கும், இரவல் தருவார், திருப்பிக் கொடுக்கவேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் அதைத் தேடுவதே இல்லை. அதுதான் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை. எந்த வினாவை நாடு முழுக்கப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள், எங்கே தடுக்கினார்கள் என்று வினாவாரியாக அதில் எழுதியிருப்பார்கள். எந்த வினாவை எடுப்பது என்று தெரியாமல் இருக்கும்போது இதைத் திறந்து பாருங்கள்.

கடைகளில் விற்கும் "விடைகளுடன் கூடிய" தொகுப்புகளை நம்பி இறங்கவேண்டாம். அதே புத்தகம் உங்கள் பிள்ளைகளின் புத்தகப் பையிலும் இருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் கதைக்கு அதுதான் காரணம்.

ஆண்டைப் பார்த்து எடுங்கள். கடைசியாகப் பெரிய பாடத்திட்ட மாற்றம் வந்தபின் முதல் பரீட்சை 2016 டிசம்பரில் நடந்தது. அதற்கு முந்திய தாளிலிருந்து ஒரு வினாவைப் பிடித்தால், அந்த அலகு இப்போதைய பாடப்புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

2. தாளின் எலும்புக்கூடு

பகுதி I இரண்டு மணித்தியாலம். அதில் A பிரிவில் 25 சுருக்க விடை வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. B பிரிவில் 5 வினாக்கள், ஒன்றுக்கு 10 புள்ளி. பகுதி II மூன்று மணித்தியாலம், அதற்கு மேல் 10 நிமிடம் வாசிப்பு நேரம். A பிரிவில் ஆறிலிருந்து ஐந்து, B பிரிவில் ஆறிலிருந்து ஐந்து என்று பத்து வினாவுக்கு விடை எழுதவேண்டும்.

முதல் தடவையிலேயே இரண்டு பகுதியையும் வைக்கப் போகாதீர்கள். அதில் திருத்தும் சுமை உங்களைத் தின்றுவிடும். பகுதி I முழுவதையும் வைத்து, பகுதி II இலிருந்து நான்கைந்து வினாவை மட்டும் ஒரு மணித்தியாலத் தாளாக வேறொரு நாளில் வைப்பதே நல்லது. அதிபர் முழுத்தாள்தான் வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

3. வினாவில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

இங்கே நேரம் எடுங்கள். பழைய வினாவை அப்படியே போட்டால், அதைச் செய்தவர் யார், விடையைப் பாடமாக்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியவராது. இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். ஆகவே ஏதாவது ஒரு எண்ணை மாற்றவேண்டும். ஆனால் கண்ட எண்ணை மாற்றக்கூடாது. தெரிந்து செய்பவரின் விடையும் மனப்பாடக்காரரின் விடையும் எந்த எண்ணில் பிரிகின்றனவோ அதைத்தான் மாற்றவேண்டும்.

எனக்கு நன்றாகப் பலன் தந்த வினாவையே எடுத்துக்கொள்வோம். தவணைமுறையில் பொருள் வாங்குவது, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிப்பது. பழைய தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் வடிவம். பயிற்சிக்கு எங்கள் வகுப்பில் புழங்கியது இது:

60,000 ரூபா விலையுள்ள குளிர்சாதனப் பெட்டிக்கு 12,000 ரூபா முற்பணம் கட்டி, மீதியை 12 சம மாதத் தவணைகளில் செலுத்தவேண்டும். ஆண்டு வட்டி 24%, குறைந்து செல்லும் மீதிக்கு. மாதத் தவணை எவ்வளவு?

கடன் 48,000. மாதம் கழியும் முதல் 4,000. அந்த 4,000 க்கு ஒரு மாத வட்டி, 2% வீதம், 80 ரூபா. மிச்சமிருக்கும் 4,000 கள் மாதாமாதம் 12, 11, 10 என்று 1 வரை குறையும், அவற்றின் கூட்டலான மாத அலகுகள் 12 × 13 ÷ 2 = 78. மொத்த வட்டி 78 × 80 = 6,240. ஆகவே தவணை 54,240 ÷ 12 = 4,520 ரூபா.

இதில் விலையை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும்? அலகு அப்போதும் 78 தான். 78 ஐப் பாடமாக்கிய பிள்ளையும் சரியாகச் செய்துவிட்டுப் போய்விடும். நான் விலையையும் முற்பணத்தையும் வட்டியையும் அப்படியே விட்டு, தவணையை மட்டும் 12 இலிருந்து 10 ஆக்கினேன். இப்போது மாதம் கழியும் முதல் 4,800, அதன் மாத வட்டி 96, அலகுகள் 10 × 11 ÷ 2 = 55, மொத்த வட்டி 5,280, தவணை 53,280 ÷ 10 = 5,328 ரூபா.

எண்ணை மாற்றியதும் ஒருமுறை கையால் செய்து பாருங்கள். சாதாரண தரக் கணிதத்தில் கணிகருவிக்கு இடமில்லை. 10 க்குப் பதில் 9 தவணை போட்டிருந்தால் 48,000 ஐ 9 ஆல் வகுக்கும்போது தசமம் இழுத்துக்கொண்டே போகும். பிள்ளை வட்டியை விட்டுவிட்டு வகுத்தலில் நேரத்தைத் தொலைக்கும், நீங்கள் சோதிக்க நினைத்தது சோதிக்கப்படாமலே போகும்.

சுருக்க விடை வினாக்களிலும் இதே கணக்குத்தான். x² − 5x + 6 ஐக் காரணிப்படுத்தச் சொல்லும் வினாவை x² − 5x − 6 என்று மாற்றினேன். விடை (x − 6)(x + 1). தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுகிறவர் (x − 2)(x − 3) எழுதுவார். மாற்றியது ஒரேயொரு குறியைத்தான்.

பிழை வழியில் போனாலும் சரி விடை வந்துவிடும் எண்களும் இருக்கின்றன, அவற்றைத் தவிருங்கள். வட்டத்தின் ஆரை 2 என்று போட்டால் பரிதியும் 4π, பரப்பளவும் 4π. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் எண் ஒன்றுதான். ஆரை 7 என்றால் ஒன்று 44, மற்றது 154. உடனே பிடிபட்டுவிடும்.

கதைக்களத்தை ஊருக்கு ஏற்ப மாற்றுவது நல்லதுதான், ஆனால் அளவோடு. வேலையும் நேரமும் வினாவில் சுவர் கட்டும் ஆட்களை எடுத்துவிட்டு வயல் வெட்டும் ஆட்களைப் போட்டேன். 8 பேர் 6 நாளில் வெட்டும் வயலை 12 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஒரு பொடியன் எழுதியிருந்தான்: "இப்ப ஆக்கள் வெட்டுறதில்ல சேர், மெசின்தான்." அவனுக்குப் புள்ளி போட முடியவில்லை, சொன்னது உண்மை என்றாலும்.

4. தாள் கொடுப்பதற்கு முன்பே பிழை விடைப் பட்டியல்

சரி விடைகளுக்குப் புள்ளியிடும் திட்டம் எழுதுவது எல்லோரும் செய்வது. நீங்கள் மாற்றிய வினாக்களுக்கு மட்டும் இன்னொரு தாளில் பிழை விடைகளையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஐந்தாறு வினா போதும், எல்லாவற்றுக்கும் எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். தவணை வினாவுக்கு என் பட்டியல் இப்படி இருந்தது.

5,328 என்றால் சரி. 4,520 என்றால் பழைய வினாவின் விடையை முழுசாக இறக்கியிருக்கிறார், தாளில் இருந்த 10 அவர் கண்ணில் படவேயில்லை. 5,548.80 என்றால் 10 ஐப் பார்த்திருக்கிறார், முதலையும் 96 ஐயும் சரியாக எடுத்திருக்கிறார், ஆனால் அலகுக்கு 78 ஐப் போட்டிருக்கிறார். ஏனென்றால் 78 × 96 = 7,488, அதோடு 48,000 சேர்த்து 10 ஆல் வகுத்தால் அந்த எண் வரும்.

நான்காவது, 5,760. முழுக் கடனுக்கும் பத்து மாதமும் 2% வட்டி போட்டால் 9,600. 57,600 ஐ 10 ஆல் வகுத்தால் 5,760. இதைப் பட்டியலில் எழுதும்போது, யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள், சும்மா இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

5. தட்டச்சு, அச்சு, காசு

பழைய தாளிலிருந்து வெட்டி ஒட்டலாம் என்று கணினியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. நம்மிடம் சுற்றுகிற பல கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்ற சொல் இப்படித் தெரியும்:

```
mk;kh
```

எழுத்துருவை நிறுவினால் தெரிந்துவிடும். யுனிகோட்டுக்கு மாற்றும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் கணிதக் குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அடுக்கில் இருந்த 2 கீழே இறங்கி x2 ஆகிவிடும், கழித்தல் குறி காணாமல் போகும். மேலே சொன்ன காரணி வினாவில் ஒரு குறி போனால் வினாவே போச்சு. கேத்திரகணித உருக்களைக் கையால் வரைந்து ஒட்டுவதுதான் எனக்கு வேகமாக இருந்தது.

பகுதி I இல் தாளிலேயே விடை எழுதவேண்டும், அதனால் இடம் விட்டு அடிக்கவேண்டும். கிட்டத்தட்ட எட்டுப் பக்கம் வரும். பகுதி II ஐ நான்கு பக்கத்துக்குள் அடக்கலாம், விடையைப் பிள்ளைகள் தங்கள் தாளில் எழுதுவார்கள். 32 பிள்ளைகள், கையிருப்புக்கு இரண்டு என்று 34 பிரதி. பன்னிரண்டு பக்கம் வீதம் 408 பக்கம். போட்டோ கொப்பிக் கடையில் பக்கம் 10 ரூபா என்று வைத்தால் 4,080 ரூபா. கடைக்குக் கடை இது மாறும், இரு பக்கமும் அடித்தால் குறைத்துத் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். பாடசாலையிலோ பக்கத்துப் பெரிய பாடசாலையிலோ ரிசோ இயந்திரம் இருந்தால், பிரதி கூடக்கூட அதுதான் மலிவு. இரண்டு மூன்று பாடசாலை சேர்ந்து அடிக்கும்போது அதை நினையுங்கள்.

காசுக்கு முதலில் அதிபரிடம் போங்கள். தர உள்ளீட்டு நிதியில் இடமிருக்கிறதா, இல்லாவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தருமா என்று அவருக்குத்தான் தெரியும். கடையில் பற்றுச்சீட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அதிபர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளிடம் நூறு ரூபாகூட வாங்கவேண்டாம். தாளுக்குக் காசு இல்லாத பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது.

அச்சுக்குக் கொடுக்கும் கோப்பைக் கடைக்காரரின் கணினியில் விட்டுவிட்டு வராதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். நம்முடைய பக்கத்தில் கடைக்கும் ரியூசன் வகுப்புக்கும் இடையில் ஒரு வேலிதான்.

6. நாளும் நேரமும்

ஒரு பாடவேளை 40 நிமிடம். இரண்டு மணித்தியாலத் தாளுக்கு மூன்று பாடவேளையை மற்ற ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கவேண்டும். அதை முதல் வாரமே பேசிவையுங்கள். பகுதி II ஐயும் முழுதாக வைப்பதென்றால் மூன்று மணித்தியாலம் வேண்டும், நடுவில் இடைவேளை வரும். தரம் 11 க்கு மட்டும் இடைவேளையைப் பின்போட அதிபர் சம்மதிக்கவேண்டும், சிற்றுண்டிச்சாலைக்கும் சொல்லிவைக்கவேண்டும்.

காலையில் மணி அடித்ததும் தாளைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வரும் பிள்ளைகளைப் போல, ஒற்றைப் பஸ்ஸை நம்பி வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். முதலாம் பாடவேளையை விட்டுத் தொடங்கினால் எல்லோருக்கும் முழு நேரம் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் தாள் வைப்பதென்றால் மாற்று நாள் ஒன்றையும் குறித்துவையுங்கள். வடகீழ்ப் பருவமழைக்கு நம்முடைய நேரசூசி தெரியாது.

பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து ஒரே தாளை வைப்பதென்றால் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் உங்கள் பட்டியலில் இருக்கும் எண்களுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

7. திருத்தும்போது

தவணை வினாவுக்கு என் புள்ளிப் பிரிப்பு இது: கடன் தொகை 1, மாத முதல் 1, அதன் மாத வட்டி 2, அலகுகள் 2, மொத்த வட்டி 1, மொத்தத் தொகை 1, தவணை 2. ஆகப் பத்து. ஓரிடத்தில் பிழைவிட்டு, அதன்பின் சரியாகத் தொடர்ந்தால் பின்வரும் படிகளுக்குப் புள்ளி கொடுக்கவேண்டும்.

கட்டைப் பிரித்து முதல் விடைத்தாளில் 78 ஐப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அடுத்ததிலும் 78. பத்தாவது தாளுக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் 78 ஐ எழுதியிருந்தார்கள். நன்றாகச் செய்கிற பிள்ளைகள் என்று நான் கணக்கு வைத்திருந்தவர்கள் அதில்தான் அதிகம். அதே பிள்ளைகள்தான் காரணி வினாவில் (x − 2)(x − 3) எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் 4,520 ஐயே எழுதியிருந்தார்கள், அதிலொருவர் அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

இனித்தான் குழி. 78 எழுதிய பிள்ளைக்கு என் பிரிப்பின்படி அலகுக்கான 2 புள்ளியும் கடைசி விடைக்கான 1 புள்ளியும் போகும். கிடைப்பது பத்துக்கு 7. புள்ளிப் பட்டியலில் பார்த்தால் அது நல்ல புள்ளி. அதிபருக்கும் சந்தோஷம், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு 78 என்பது எதன் கூட்டல் என்று தெரியாது. தெரிந்திருந்தால் பத்துத் தவணைக்கு அதை எழுதியிருக்காது.

5,760 எழுதியவர்களும் இருந்தார்கள், நான்கு பேர். யாரும் செய்யமாட்டார்கள் என்று நான் எழுதிவைத்த அதே எண். என் பிரிப்பில் அவர்களுக்குக் கிடைத்தது பத்துக்கு 3. கவனமில்லாமல் செய்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணினேன். ஆனால் நான்கு பேரும் வேறு வேறு வரிசையில் இருந்தவர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வழியில்லை.

கட்டின் அடியில் இன்னொரு தாள். கணிதத்தில் அதுவரை 30 புள்ளியைத் தாண்டாத பொடியன். அவனுடைய விடையில் அலகு என்ற சொல்லே இல்லை, சூத்திரமும் இல்லை. பத்து வரி எழுதியிருந்தான். முதல் மாதம் 48,000 க்கு வட்டி 960. இரண்டாம் மாதம் 43,200 க்கு 864. பிறகு 768, 672, 576, 480, 384, 288, 192, கடைசி மாதம் 96. எல்லாவற்றையும் கூட்டி 5,280. தவணை 5,328. வகுப்பில் முழுசாகச் சரியாக வந்த சில விடைகளில் ஒன்று. அடியில் பென்சிலால் ஒரு வரி: "எங்கட அம்மாட கடன்ல இப்பிடிக் குறையிறதில்ல."

இப்படி ஒரு தாள் வந்தால், புள்ளியிடும் திட்டத்தில் அந்த வழி இல்லையே என்று வெட்டாதீர்கள். மாதாமாதம் மீதிக்கு வட்டி போட்டுக் கூட்டுவதுதான் குறைந்து செல்லும் மீதி. அலகுச் சூத்திரம் அதற்கான குறுக்குவழி. 96 ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் மிச்சம் 10 + 9 + 8 என்று 1 வரை, அதுதான் 55. முழுப் புள்ளி கொடுங்கள்.

புள்ளியை எழுதும்போதே பக்கத்தில் ஒரு குறியும் எழுதுங்கள். நான் நினைவிலிருந்து வந்ததற்கு "நி", முழுக்காசு வட்டிக்கு "மு", தானே கட்டிச் செய்ததற்கு "தா" என்று போட்டேன். 32 தாள் திருத்தியபின் எந்த 7 எப்படி வந்தது என்று நினைவிருக்காது.

8. கேட்கவேண்டியதைக் கேட்பது

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தவுடன் சரி விடையைப் பலகையில் எழுதாதீர்கள். எழுதினால் பார்த்துக் கொப்பி பண்ணிவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். முதலில் ஒவ்வொரு குறியிலும் ஒருவரைக் கூப்பிட்டு, தனியாக, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். கோபமில்லாத குரலில்.

"மகள், 78 எப்பிடி வந்தது?"

"அது எப்பயும் 78 தானே சேர்."

"எப்பயும் எண்டா?"

"எல்லாப் பேப்பர்லயும் 78 தான். ரியூசன்லயும் அதத்தான் போட்டுத் தந்த."

பிள்ளையில் பிழையில்லை. பார்த்த வினாக்களில் பெரும்பாலானவை 12 தவணை என்றால் 78 அதற்கு நிலையான எண்தான், π மாதிரி.

5,760 எழுதிய ஒருத்தியைக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குறைஞ்சு போற மீதி எண்டு கிடக்கிறத வாசிச்ச நான் சேர். ஆனா காசு குடுக்கிறவங்க முழுக்காசுக்குத்தானே வட்டி எடுக்காங்க. கட்டக் கட்ட வட்டி குறையும் எண்டு ஒருத்தரும் சொன்னதில்ல."

கவனக்குறைவு என்று நான் வைத்த கணக்கு அங்கே உடைந்தது. வீட்டில் குழுக் கடன் எடுத்து வாராவாரம் கட்டுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வட்டி என்றால் அதுதான். அவள் செய்தது கணிதப்படி ஒழுங்கான கணக்கு, கேட்ட வினாவுக்கு உரியதல்ல. 7 எடுத்த பிள்ளைக்குப் பாடத்தின் அடியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 3 எடுத்தவளுக்கு ஒரேயொரு வித்தியாசத்தைக் காட்டினால் போதுமாயிருந்தது.

அதைக் காட்டுவதற்குப் பொடியனின் பத்து வரியைத்தான் பலகையில் எழுதினேன், அவன் பெயரைச் சொல்லி. பக்கத்தில் முழுக்காசு வட்டியை மாதம் 960 வீதம் பத்துத் தரம் எழுதினேன். ஒரு பக்கம் 5,280, மற்றப் பக்கம் 9,600. "ஒரே 24% தானே சேர், எப்பிடி இவ்வளவு கூடும்?" என்று கேட்டது 78 எழுதிய பிள்ளைகளில் ஒருத்தி. தவணைக்கு 432 ரூபா, பத்து மாதத்துக்கு 4,320 ரூபா வித்தியாசம். அன்றைக்குப் பாடவேளை மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

ஒரு எச்சரிக்கை. பாடம் சூடுபிடிக்கும்போது, வீட்டில் குழுக் கடன் கட்டும் அட்டையைக் கொண்டுவாருங்கள், கணக்குப் பார்ப்போம் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பது வகுப்பில் தெரியவேண்டியதில்லை. பென்சில் வரி எழுதிய பொடியனின் தாளிலும் அந்த வரியை நான் வாசித்துக் காட்டவில்லை. எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யாராவது அம்மா அட்டையோடு உங்களைத் தேடி வந்தால், அது வேறு, அலுவலக அறையில் இருந்து பார்க்கலாம்.

9. மறுபடி வைப்பது

இரண்டு வாரத்துக்குள் அந்த ஐந்தாறு வினாவை மட்டும் ஒரே பக்கத்தில் மறுபடி வையுங்கள். 40 நிமிடம், ஆளுக்கு ஒரு தாள், செலவு சில நூறு ரூபாதான். அதற்கு மேல் பிந்தினால் பிள்ளைகள் சொன்ன காரணங்கள் உங்களுக்கும் மறந்துவிடும்.

எண்ணை மறுபடி மாற்றவேண்டும். நான் 15 தவணை போட்டேன். முதல் 3,200, மாத வட்டி 64, அலகுகள் 120, மொத்த வட்டி 7,680, தவணை 55,680 ÷ 15 = 3,712. கையால் செய்ய வசதியான எண்கள். 78 எழுதியவர்களில் பெரும்பாலானோர் இந்த முறை 15 இலிருந்து 1 வரை கூட்டிப் பார்த்தார்கள், அல்லது சூத்திரத்தை 15 க்குப் போட்டார்கள். 5,760 காரர்கள் நால்வரும் சரி.

இரண்டு பேர் மட்டும் அலகுக்கு 55 என்று எழுதியிருந்தார்கள்.

ஆகவே மூன்றாவதையும் இப்போதே தயாராக்கி வைத்துக்கொள்ளுங்கள். 8 தவணை என்றால் முதல் 6,000, மாத வட்டி 120, அலகுகள் 36, மொத்த வட்டி 4,320, தவணை 6,540. விடையைப் பலகை மூலையில் எழுதிவிட்டு அழிக்காமல் போகாதீர்கள். தரம் 11 இன் மற்றப் பிரிவும் அதே வகுப்பறைக்குத்தான் வரும்.